கருஞ்சடைக்குப் பளபளப்பு ஏற்றிய விதம்

கோபி பக்கம் ஒரு மண்டபத்தில் எடுத்த கல்யாண ஆல்பம். மணப்பெண் முதுகு காட்டி நிற்கும் படத்தைப் பார்த்த அவளுடைய அம்மா, "ஏனுங்க தம்பி, புள்ளயோட சடை தார் பூசுன மாதிரி இருக்குதுங்களே?" என்றார். கேட்டது நியாயம்தான். விளக்கு கேமராவை ஒட்டியே இருந்திருக்கிறது, பின்பக்கமிருந்து வெளிச்சமே இல்லை. சாய்வாக வெளிச்சம் விழாவிட்டால் கறுப்பு முடி ஒரே திட்டாகத்தான் தெரியும்.

முதலில் RAW கோப்பில் நிழல் பகுதியை ஏற்றிப் பார்த்தேன். இழைகள் தெரிந்தன. தெரியாவிட்டால் மேற்கொண்டு வேலையே இல்லை, எதைத் தேய்த்தாலும் சாம்பல் பூச்சுதான் மிஞ்சும்.

போட்டோஷாப்பில் முகத்துக்கு டாட்ஜ், பர்ன், அதாவது வெளிச்சமும் இருட்டும் கூட்டும் வேலை, செய்யும்போது 50% சாம்பல் நிரப்பிய Soft Light லேயர் போதும். நம் ஊர் முடிக்கு அது அவ்வளவாக எடுபடாது. அந்த முறையில் அடியில் இருப்பது எவ்வளவு கறுப்போ அவ்வளவு குறைவாகத்தான் வெளுக்கும், முழுக் கறுப்பு அசையவே அசையாது. அதனால் இரண்டு Curves லேயர் போட்டேன். ஒன்று வெளிச்சத்துக்கு, ஒன்று இருட்டுக்கு. இரண்டின் Blend Mode-ஐயும் Luminosity-க்கு மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் ஏற்றிய இடம் செம்பட்டையடிக்கும். மாஸ்க்கை Ctrl+I கொடுத்துக் கறுப்பாக்கி, ஓரம் மென்மையான பிரஷ்ஷில் Flow 2% வைத்து வெள்ளையால் தடவினேன்.

பின்னலில் ஒவ்வொரு புடைப்பின் நடுவும்தான் உயரமான இடம். அங்கே வெளிச்சம், கால்கள் ஒன்றன்கீழ் ஒன்று புகும் இடுக்கில் இருட்டு. முதலில் புடைப்பின் பாதி அகலத்துக்குப் பெரிய பிரஷ். அப்புறம் நாலைந்து பிக்சல் பிரஷ்ஷால், ஏற்கெனவே கொஞ்சம் வெளுத்திருக்கும் இழைகளை மட்டும், முடி ஓடும் திசையிலேயே இழுத்தேன். எல்லாப் புடைப்பும் ஒரே அளவு மின்னினால் பிளாஸ்டிக் சவுரி ஆகிவிடும். தோளருகே கூட்டி, இடுப்புக்குப் போகப் போகக் குறைத்தேன்.

அடர்த்திக்கு உச்சந்தலையில்தான் வேலை. பெரிய பிரஷ், Flow 1%. வகிட்டை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் தலையின் வளைவோடு ஒரு பட்டை வெளிச்சம். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் இருட்டு. வடிவத்தை இழுக்காமலே தலை உருண்டு வந்தது. ஓரம் கத்தரித்த மாதிரி இருந்ததால், புது லேயரில் முடியின் நிறத்தையே எடுத்து மெல்லிய இழைகள் சில வரைந்தேன்.

படத்தைச் சிறிதாக்கிப் பார்த்தால் உச்சியில் நரை தட்டியிருந்தது! கல்யாணப் பெண்ணுக்கு அது ஆகுமா? வெளிச்ச லேயரின் Opacity-யை 70% ஆக்கியதும் அடங்கியது. பூச்சரத்தை ஒட்டிய இடத்தில் மட்டும் மாஸ்க்கில் கறுப்புத் தடவி, மல்லிகையின் வெள்ளையோடு போட்டி போடாமல் பார்த்துக்கொண்டேன்.

மேட் தாளில் கறுப்புக்குள் இருக்கும் இழைகள் இன்னும் கொஞ்சம் அமுங்கும். ஆல்பம் அச்சுக்குப் போகுமுன் சடைப் பகுதியை மட்டும் சிறு துண்டாக அடித்துப் பார்த்துவிட்டு, அச்சுக் கோப்பில் வெளிச்ச லேயரின் Opacity-யை 80% வைத்தேன்.