சதவீதம் சரி, எண்ணிக்கை தப்பு: சிடி4 டெஸ்டில் பீட்ஸ் காணாமல் போன இரண்டு நாள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். அன்றைய ரிப்போர்ட்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டுக் கிளம்பும் நேரத்தில், எச்ஐவி நோயாளிகளுக்குச் சிகிச்சை தரும் ஏஆர்டி மையத்து டாக்டர் போன் செய்தார். முந்தின நாள் நான் கொடுத்த ஒரு ரிப்போர்ட் அவர் கையில் இருந்தது. எச்ஐவி அழிக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களான சிடி4, லிம்ஃபோசைட்டில் 11 சதவீதம், ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் எண்ணிக்கை 246.

"இவர் அஞ்சு மாசம் மாத்திரையை விட்டுட்டுத் திரும்பி வந்தவர்மா. ஆளே வாடிப் போயிருக்கார். அதே ரத்தத்துல எடுத்த சிபிசி-யில டபிள்யூபிசி 4,600, லிம்ஃபோசைட் 34 சதவீதம். அப்போ லிம்ஃபோசைட் 1,564. அதுல 11 சதவீதம்னா 172 தானே வரணும்? நீங்க எப்படி 246 போட்டிருக்கீங்க?"

என்னிடம் பதில் இல்லை. சிபிசி மெஷினிலிருந்து வரும் லிம்ஃபோசைட்டை வைத்துக் கணக்குப் போட்டால் கொஞ்சம் முன்னே பின்னே வரும்தான். ஆனால் 172க்கும் 246க்கும் நடுவில் இருப்பது அந்தக் கொஞ்சம் இல்லை. அதோடு, இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் 200 என்ற கோடு இருக்கிறது. அதற்குக் கீழே போனால் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சைக்கான ஆன்டிஜென் பார்க்க வேண்டும், டிபியை இன்னும் கூர்ந்து தேட வேண்டும். மேலே இருந்தால் அந்த டெஸ்ட்கள் விட்டுப்போக வாய்ப்பு உண்டு. டாக்டர் எண்ணை நம்பாமல் ஆளைப் பார்த்ததால்தான் எனக்கு போன் வந்தது.

முதலில் என் மேல்தான் சந்தேகப்பட்டேன். 50 மைக்ரோலிட்டர் ரத்தம் எடுப்பதில் 2 மைக்ரோலிட்டர் தவறினாலே ரிசல்ட் 4 சதவீதம் நகர்ந்துவிடும். அதனால்தான் ரிவர்ஸ் பிப்பெட்டிங் செய்கிறோம்: எடுக்கும்போது இரண்டாவது நிறுத்தம் வரை அழுத்தி எடுப்பது, விடும்போது முதல் நிறுத்தத்தோடு நிற்பது, டிப்பில் மிச்சம் நிற்பதை அப்படியே தூக்கிப் போடுவது. டிப்பின் வெளிப்பக்கத்தைத் துடைக்காமல் விட்டால் ஒட்டியிருக்கும் ரத்தமும் கணக்கில் சேர்ந்துவிடும். ஆனால் பிப்பெட் தப்பினால் ஒரு டியூப் கூடும், அடுத்தது குறையும். நான் அன்றைக்கு வந்த மற்றவர்களின் சிபிசி-யையும் எடுத்து வைத்து அதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். எல்லாமே கூடுதல், எல்லாமே ஏறக்குறைய ஒரே விகிதத்தில். கை தவறினால் இப்படி ஒரே பக்கமாகச் சாயாது.

அடுத்து லாட் நம்பர். பீட்ஸ் என்பது எண்ணிக்கைக்கு அளவுகோலாக டியூபில் முன்பே போட்டு வரும் ஒளிரும் நுண்மணிகள். அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணும் எங்கள் மெஷின், ஃப்ளோ சைட்டோமீட்டர், அவற்றையும் சேர்த்து எண்ணும். பீட்ஸ் டியூப் வரும் பையின் மேல் அந்த லாட்டில் ஒரு டியூபுக்கு எத்தனை பீட்ஸ் என்று அச்சடித்திருக்கும். எங்களுடையதில் 49,850. சாஃப்ட்வேரிலும் அதுவேதான் இருந்தது. பழைய லாட்டின் எண் அப்படியே கிடந்திருந்தாலும் வித்தியாசம் சில சதவீதம்தான் வந்திருக்கும், நாற்பது வராது.

டி-சம் பார்த்தேன். சிடி4 சதவீதத்தையும் சிடி8 சதவீதத்தையும் கூட்டினால், எல்லா டி அணுக்களையும் குறிக்கும் சிடி3-இன் சதவீதத்துக்குக் கிட்டத்தட்ட வர வேண்டும். அழகாக வந்தது. அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. சதவீதம் சம்பந்தப்பட்ட எந்தச் சோதனையிலும் பீட்ஸ் வருவதில்லை. பீட்ஸ் நுழையும் ஒரே இடம் கடைசிக் கணக்குதான்:

```
சிடி4 / மைக்ரோலிட்டர் =
(சிடி4 கேட்டில் எண்ணியவை ÷ எண்ணிய பீட்ஸ்)
× (டியூபில் உள்ள பீட்ஸ் ÷ ரத்தத்தின் அளவு)
```

அந்த நோயாளியின் ஃபைலைத் திறந்தேன். சிடி4 கேட்டில், அதாவது திரையில் சிடி4 அணுக்களைச் சுற்றிப் போட்ட எல்லைக்குள், 550. பீட்ஸ் 2,230. 49,850ஐ 50ஆல் வகுத்தால் 997. 550ஐ 2,230ஆல் வகுத்து 997ஆல் பெருக்கினால் 246. கணக்கில் தப்பு இல்லை. அப்படியென்றால் கீழே வகுக்கும் எண்தான் சந்தேகத்துக்குரியது. பீட்ஸ் குறைந்தால் சிடி4 தானாக ஏறும்.

பீட்ஸ் குறைந்ததா என்று எப்படித் தெரியும்? இந்த ஒன்றை எல்லா லேபிலும் பழக்கமாக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ரத்தம் 50, ஆன்டிபாடி 20, சிவப்பணுக்களை உடைக்கும் லைசிங் கரைசல் 450, மொத்தம் 520 மைக்ரோலிட்டர். 49,850 பீட்ஸ் அதில் கலந்தால் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஏறக்குறைய 96. எங்கள் மெஷினின் வேகமான ஓட்டம் நிமிடத்துக்கு 60 மைக்ரோலிட்டர், அதாவது விநாடிக்கு ஒன்று. ஆக, விநாடிக்குத் தொண்ணூற்றைந்து பீட்ஸ் போல வர வேண்டும். ஓட்டம் அப்படி அச்சாக இருக்காது, ஆனால் அதே மெஷினின் பழைய ஃபைல்களோடு ஒப்பிடலாம். முந்தின வாரத்து ஃபைல்களில் விநாடிக்கு 93, 97, 95. இந்த ஃபைல் ஓடியது 33 விநாடி. 2,230ஐ 33ஆல் வகுத்தால் 68. பத்தில் மூன்று பீட்ஸைக் காணோம்.

எண்ணியவற்றைப் புள்ளிகளாகக் காட்டும் டாட் பிளாட்டைப் பார்த்ததும் விடை தெரிந்துவிட்டது. பீட்ஸ் கூட்டம் எப்போதும் ஓரமாக, உருண்டையாக, கச்சிதமாக நிற்கும். அன்றைக்கு அதன் இடது பக்கம் ரம்பத்தால் அறுத்தது போல நேர்கோடாக நின்றது. த்ரெஷோல்ட், அதாவது அதற்குக் கீழான சிக்னலை மெஷின் கண்டுகொள்ளாது என்ற எல்லை, FSC-யில் இருந்தது, அதுவும் ஏற்றி வைக்கப்பட்டிருந்தது.

நடந்தது இதுதான். சனிக்கிழமை சர்வீஸ் செய்துவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் எங்கள் சிடி4 செட்டிங்ஸ் ஃபைலை மறுபடி ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றவில்லை. அதைச் சரிபார்க்க வேண்டியது நான்தான். திங்கட்கிழமை காலையில் திரை முழுக்க உடைந்த சிவப்பணுக்களின் குப்பை. புதிதாகச் சேர்ந்த தம்பி, "அக்கா, குப்பை ஜாஸ்தியா இருக்கு, த்ரெஷோல்டைக் கொஞ்சம் ஏத்திடட்டுமா?" என்று கேட்டான். சரி என்றேன். திரை சுத்தமானது. லிம்ஃபோசைட்டை விட பீட்ஸ் சிறியது என்பதும், FSC அளவைப் பார்க்கும் சிக்னல் என்பதும் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

வெள்ளையணுக்களின் மேல் இருக்கும் சிடி45-க்கு உரிய ஒளிச் சானலில், எங்கள் மெஷினில் FL3-ல், த்ரெஷோல்ட் இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது. சிவப்பணுக் குப்பைக்கு சிடி45 கிடையாது, அது கீழேயே நின்றுவிடும். பீட்ஸ் எல்லா சானலிலும் ஒளிரும், அதனால் ஒன்றுகூட விடாமல் உள்ளே வந்துவிடும்.

இதில் மோசமான விஷயம் ஒன்று உண்டு. கேட் தப்பாகப் போட்டிருந்தால் பழைய ஃபைலைத் திறந்து கேட்டை நகர்த்தி ரிசல்டைத் திருத்தலாம். த்ரெஷோல்டுக்குக் கீழே போனதை மெஷின் பதிவே செய்யாது. இல்லாததை எங்கிருந்து எடுப்பது?

மதிப்பு முன்பே தெரிந்த கன்ட்ரோல் ரத்தம் ஓட்டியிருந்தால் திங்கள் காலையிலேயே மாட்டியிருக்கும் என்று கேட்பீர்கள். உண்மைதான். அதன் தாளில் சதவீதத்துக்கு ஒரு எல்லை, எண்ணிக்கைக்கு ஒரு எல்லை என்று தனித்தனியே இருக்கும். எண்ணிக்கை வெளியே போயிருக்கும். ஆனால் கன்ட்ரோல் தீர்ந்து பத்து நாள் ஆகியிருந்தது. இன்டென்ட் போட்டு மூன்று முறை ஸ்டோருக்கு நடந்தேன். "ரீஏஜென்ட் இருக்குல்ல? டெஸ்ட் ஓடுதுல்ல? கன்ட்ரோலை அடுத்த மாசம் சேர்த்துப் பார்க்கலாம்" என்று அங்கிருந்த கிளார்க் தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார். அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை. கன்ட்ரோல் இல்லாத நாளில் ரிப்போர்ட் கொடுக்காமல் நிறுத்தியிருக்க வேண்டியது நான் என்பதும் உண்மை.

அன்று ராத்திரி செட்டிங்ஸை மாற்றிவிட்டுச் செவ்வாய்க்கிழமை டியூப்களை மறுபடி ஓட்டினேன். ஆன்டிபாடியால் ஸ்டெயின் செய்து 24 மணி நேரம் தாண்டாததால் முடிந்தது. ஓட்டும் முன் ஒவ்வொன்றையும் மெதுவாக வோர்டெக்ஸ் செய்தேன். நின்ற டியூபில் பீட்ஸ் அடியில் படிந்துவிடும், கலக்காமல் ஓட்டினால் அதே பிழை வேறு வழியில் வரும். பதினேழு டியூபும் நேரானது. விநாடிக்கு 94 பீட்ஸ். அந்த எண்ணைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

திங்கட்கிழமையின் பதினான்கு பேர்தான் சிக்கல். ஸ்டெயின் செய்த டியூப்கள் 24 மணி நேரத்தைத் தாண்டிவிட்டன. ரத்தம் எடுத்து 48 மணி நேரம் வரை புதிதாக ஸ்டெயின் செய்யலாம், ஆனால் அந்த இடிடிஏ குழாய்களைச் செவ்வாய் மதியமே கழிவுக்கு அனுப்பிவிட்டோம். இப்போது 48 மணி நேரம் முடியாமல் எந்தக் குழாயும் ரேக்கை விட்டு நகர்வதில்லை.

பதினான்கு ரிப்போர்ட்டையும் எழுத்தில் திரும்பப் பெற்றேன். பதிமூன்று பேர் அந்த வாரத்துக்குள் வந்துவிட்டார்கள். அந்த 246 நோயாளிக்கு ஊர் தூரம். பக்கத்து ஊர் மையத்தில் ரத்தம் எடுத்து அனுப்பச் சொன்னோம். வியாழக்கிழமை பெட்டியைத் திறந்தால் குழாய் ஐஸ் பேக்குக்கு நடுவில் சில்லென்று கிடக்கிறது. சிடி4-க்கு ரத்தம் அறை வெப்பத்தில்தான் வர வேண்டும். கெட்டுப் போகக் கூடாது என்று யாரோ நல்லெண்ணத்தில் செய்தது. நாங்களும் போனில் அதைச் சொல்லவில்லை. திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

வெள்ளிக்கிழமை அவரே பஸ் ஏறி வந்துவிட்டார். "மூணாவது தடவைம்மா, இதுலயாவது சரியா வருமா?" என்று கையை நீட்டினார். மன்னிப்புக் கேட்டுவிட்டு நானே எடுத்தேன். இரண்டு டியூப் போட்டேன். பீட்ஸ் உருண்டையின் மேல் இருக்கும் உலோக வலைக்குச் சற்று மேலே, அதைத் தொடாமல், டியூபின் சுவரில் சிதறாமல் ரத்தத்தை விட்டேன். ஆன்டிபாடியோடு இருட்டில் 15 நிமிடம், லைசிங் கரைசலோடு இன்னொரு 15. ஒன்றில் 168, மற்றதில் 174. சதவீதம் இரண்டிலும் 11. சிபிசி கணக்கும் அதே இடத்துக்கு வந்தது.

மதியமே டாக்டர் கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜென் பார்த்தார். பாசிட்டிவ். தலைவலி எதுவும் இல்லை. முதுகுத் தண்டுநீர் எடுத்துப் பார்த்ததில் மூளைக்குப் போகவில்லை. அன்றைக்கே ஃப்ளூகோனசோல் ஆரம்பித்துவிட்டார்கள்.