இறந்தவரின் செல்போன் எண்ணைக் கடைசியாக மூடுங்கள்

அண்ணன் போன பிறகு அவர் பெயரில் இருந்த ஆதார், சிம், கிரெடிட் கார்டுகள், மாதச் சந்தாக்கள் எல்லாவற்றையும் ஒருவழியாக முடித்துவிட்டோம். பான் மட்டும் பாக்கி. நாங்கள் பட்ட அலைச்சலில் பாதி, எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்று எந்த அலுவலகத்திலும் யாரும் சொல்லாததால் வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

துக்கம் கேட்க வந்தவர்கள் பலர் சொன்ன முதல் யோசனை, "சிம்மை உடனே சரண்டர் பண்ணிடுங்க, யாராவது ஏமாத்திடுவாங்க" என்பது. நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் அப்படிச் செய்திருந்தால் மற்ற எல்லாம் நின்றுபோயிருக்கும். வங்கி, வருமான வரி, மின்னஞ்சல் என ஒவ்வொன்றின் ஓடிபியும் அந்த எண்ணுக்குத்தான் வருகிறது. இன்னொரு ஆபத்தும் உண்டு. மூடிய எண் குறைந்தது 90 நாட்கள் சும்மா கிடக்கும்; அதன் பிறகு நிறுவனம் அதை வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம். அந்த எண் இன்னும் வங்கிக் கணக்கிலோ மின்னஞ்சலிலோ இணைந்திருந்தால், ஓடிபி போய்ச் சேருவது முன்பின் தெரியாத ஒருவரிடம். அப்புறம் ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடுவதும் மூடுவதும் ஒன்றுதான். 90 நாள் பயன்பாடே இல்லாத ப்ரீபெய்டு எண் தானாகவே துண்டிக்கப்படலாம். ஆகவே முதலில் அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் செய்து வையுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். போன் கையில் இருக்கிறது, பின் எண் தெரியும் என்பதற்காக அவருடைய யுபிஐ மூலமோ நெட்பேங்கிங் மூலமோ பணத்தை எடுக்காதீர்கள். கணக்கு வைத்திருந்தவர் இறந்த பிறகு அந்தப் பணம் நாமினி, வாரிசு வழியில்தான் வர வேண்டும். பிறகு குடும்பத்துக்குள் ஒரு மனக்கசப்பு வந்தால், அன்றைக்கு எடுத்த தொகை பெரிய சிக்கலாகும்.

அந்த எண் உயிரோடு இருந்ததால் கிடைத்த முதல் பலன் tafcop.sancharsaathi.gov.in தளம். செல்போன் எண்ணும் ஓடிபியும் கொடுத்தால், அதே பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று அது காட்டும். அண்ணன் பெயரில் மூன்று வந்தன. ஒன்று அவருடையது. இன்னொன்று அம்மா வைத்திருக்கும் எண்! பல வருடங்களுக்கு முன் அண்ணன் தன் அடையாளத்தில் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அம்மாவின் பென்ஷன் கணக்கே அதில்தான் இணைந்திருக்கிறது. மூன்றாவது எண் யாருடையது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதை "Not My Number" என்று குறித்துப் புகார் கொடுத்தோம். அம்மாவின் எண்ணை அவர் பெயருக்கே மாற்றிவிட்டோம். உங்கள் வீட்டிலும் பெரியவர்களின் எண் யார் பெயரில் இருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள்.

அடுத்தது ஆதார். முன்பெல்லாம் இறந்தவரின் ஆதாரை முடக்கக் குடும்பத்தாருக்கு வழியே இல்லை. 2025 ஜூனில்தான் myAadhaar தளத்தில் "Reporting of Death of a Family Member" என்ற வசதி வந்தது. குடும்பத்தில் ஒருவர் தன் ஆதாரில் உள்ளே போய், இறந்தவரின் ஆதார் எண், இறப்புப் பதிவு எண், பெயர் முதலான விவரங்களைக் கொடுக்க வேண்டும். எல்லா மாநிலங்களும் அந்த அமைப்பில் ஒரே நேரத்தில் இணையவில்லை என்பதால் பட்டியலில் உங்கள் மாநிலம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணிதான் விண்ணப்பித்தார். நிராகரித்துவிட்டார்கள்.

காரணம், நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த இனிஷியல் தொல்லை. ஆதாரில் அப்பா பெயர் முழுதாக விரிந்து இருக்கிறது. பான் கார்டில் அதுவே குடும்பப் பெயர் இடத்தில் இருக்கிறது. இறப்புச் சான்றிதழில் இனிஷியல் மட்டும், அதோடு பெயரின் ஆங்கில எழுத்தில் ஒன்று குறைகிறது. மருத்துவமனையில் எழுதி அனுப்பியதை அப்படியே பதிந்துவிட்டார்கள். பதிவு அலுவலகத்தில் இருந்தவர் சான்றிதழை வாங்கிக்கூடப் பார்க்காமல், "ஒரு எழுத்துதானே, எங்கேயும் கேட்க மாட்டாங்க" என்று சொல்லி அனுப்பப் பார்த்தார். கேட்கிறார்கள், எல்லா இடத்திலும் கேட்கிறார்கள். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ல் 15ஆம் பிரிவு பிழை திருத்துவதற்கென்றே இருக்கிறது. அதைக் குறிப்பிட்டு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை கேட்ட பிறகுதான் உள்ளே இருந்த பதிவாளரிடமே அனுப்பினார்கள். அவர் மரியாதையாகவே பேசினார். ஆதார் நகல், உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக்கொண்டு திருத்திக் கொடுத்தார். திருத்திய சான்றிதழோடு மறுபடி விண்ணப்பித்ததும் ஆதார் முடங்கியது. இடைப்பட்ட நாட்களுக்காக அவருடைய கைரேகைப் பதிவைப் பூட்டி வைத்திருந்தோம். அதற்கும் அந்த எண்ணுக்கு வரும் ஓடிபிதான் வேண்டியிருந்தது.

சான்றிதழ் அச்சாவதற்கு முன் விவரங்களைக் காட்டச் சொல்லி, ஆதாரைப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். இந்த ஒரு விஷயம் நடந்திருந்தால் எங்கள் வேலை பெருமளவு குறைந்திருக்கும்.

வாக்காளர் பட்டியலில் நீக்கப் படிவம் 7, இணையத்திலேயே முடிந்தது. ரேஷன் கார்டில் பெயர் நீக்கமும் அப்படித்தான்.

இப்போது கிரெடிட் கார்டு. மனம் இன்னும் ஆறாதது இதில்தான். அண்ணனுக்குச் சேமிப்புக் கணக்கும் கார்டும் ஒரே வங்கியில். கார்டு பில் அந்தக் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி வைத்திருந்தார். அண்ணி கிளைக்குப் போய் இறப்புச் சான்றிதழைக் கொடுத்தார். அவர்கள் உடனே கணக்கை நிறுத்தி வைத்தார்கள். அது முறைதான். ஆனால் கார்டு பிரிவு தனி என்றும், கிளையில் சொன்னது அங்கே போகாது என்றும் கவுன்டரில் ஒருவரும் சொல்லவில்லை. விளைவு என்ன? கணக்கு நின்றதால் பில் கழியவில்லை, அதற்கு அபராதம், வட்டி. கார்டு நிற்காததால் சந்தாக்கள் மட்டும் ஒழுங்காகக் கழிந்துகொண்டே இருந்தன. இறந்து இத்தனை நாள் ஆன மனிதரின் பெயரில் ஒரு வருடாந்திரச் சந்தா புதுப்பிக்கப்பட்டிருந்தது.

கார்டு உதவி எண்ணுக்குப் பேசினால், "கார்டுதாரரே பேச வேண்டும்" என்றார்கள். அவர் இறந்துவிட்டார் என்று சொன்ன பிறகும் அந்தப் பெண் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொன்னார். பக்கத்தில் நின்ற அண்ணியின் முகத்தை நான் மறக்க மாட்டேன். சரி, போனில் பேசிப் பயனில்லை என்று முடிவு செய்து, வங்கியின் இணையதளத்தில் இருக்கும் குறைதீர் அதிகாரியின் மின்னஞ்சலுக்கு அண்ணியின் பெயரிலேயே எழுதினோம். இறந்த தேதி, கார்டின் கடைசி நான்கு இலக்கங்கள், கூடுதல் கார்டையும் சேர்த்து மூடக் கோரிக்கை, இறந்த தேதிக்குப் பிறகு விதித்த அபராதத்தையும் வட்டியையும் நீக்கக் கோரிக்கை, நிலுவை இல்லை என்ற கடிதம் வேண்டும் என்ற வரி, இணைப்பில் இறப்புச் சான்றிதழ். அவ்வளவுதான். முழுக் கார்டு எண்ணை மின்னஞ்சலில் எழுத வேண்டாம்.

இதற்கிடையில் வசூல் ஆள் ஒருவர் அண்ணியை அழைத்து, "நீங்கதான் மனைவி, நீங்கதான் கட்டணும்" என்று மிரட்டும் தொனியில் பேசினார். அது தவறு. கிரெடிட் கார்டு கடன் இறந்தவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து தீர வேண்டியது. வாரிசின் பொறுப்பு தனக்கு வந்த சொத்தின் அளவோடு நின்றுவிடும். எந்த விதிப்படி கேட்கிறீர்கள் என்று எழுத்தில் தாருங்கள் என அண்ணி கேட்டார். அதன் பிறகு அந்த அழைப்பு வரவில்லை.

மின்னஞ்சலுக்கு முதலில் வந்தது தானியங்கிப் பதில். 30 நாளுக்குள் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் cms.rbi.org.in தளத்தில் ஓம்புட்ஸ்மனிடம் போவோம் என்று அடுத்த கடிதத்தில் எழுதினோம். போக வேண்டியிருக்கவில்லை. அபராதமும் வட்டியும் நீங்கின; அண்ணன் உயிரோடு இருந்தபோது செலவு செய்த தொகையை மட்டும் அவர் கணக்கிலிருந்தே தீர்த்து, நிலுவையில்லாக் கடிதம் வந்தது. கார்டை மூடுமுன், அதனோடு விபத்துக் காப்பீடு ஏதும் வருகிறதா என்று கேட்டுவிடுங்கள். நாங்களாகக் கேட்காமல் அவர்கள் சொல்லவில்லை.

சந்தாக்களைக் கண்டுபிடிக்க ஒரு மாத ஸ்டேட்மென்ட் போதாது. வருடத்துக்கு ஒரு முறை கழிவதும் சிக்க, பன்னிரண்டு மாதத்தையும் எடுத்து உட்கார்ந்து படித்தோம். கார்டு வழியாகப் போவது ஒரு கூட்டம், யுபிஐ ஆட்டோபே இன்னொன்று, கணக்கிலிருந்து நேராகக் கழியும் மேண்டேட் மூன்றாவது. மூன்றும் மூன்று இடத்தில் ஒளிந்திருக்கும். போனில் செயலியை அழித்துவிட்டால் சந்தா நிற்காது. ஆப் ஸ்டோரிலோ பிளே ஸ்டோரிலோ சந்தா பகுதிக்குள் போய்த்தான் நிறுத்த வேண்டும். இதெல்லாம் அவருடைய மின்னஞ்சல் கணக்கு கையில் இருக்கும்வரைதான் எளிது. அதனால் மின்னஞ்சலையும் அவசரப்பட்டு மூடவில்லை.

எங்கே ஆதார் நகல் கொடுத்தாலும், "இறந்தவரின் கணக்கை மூட மட்டும்" என்று தேதியோடு நகலின் குறுக்கே எழுதிக் கொடுத்தோம். ஒரு இடத்தில் அசல் ஆதாரையே வைத்துக்கொள்ளப் பார்த்தார்கள். காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டோம்.

எல்லாம் முடிந்த பிறகு எண்ணுக்கு வந்தோம். வாட்ஸ்அப் கணக்கை அழித்து, மின்னஞ்சலின் இரண்டடுக்குப் பாதுகாப்பிலிருந்து அந்த எண்ணை எடுத்தோம். கடையில் இருந்த பையன் பழைய உரிமையாளரின் கைரேகை கேட்டான். இறப்புச் சான்றிதழையும் உறவுச் சான்றையும் காட்டி, மேலாளரைக் கூப்பிடச் சொன்னதும் வேலை நடந்தது. மூடுவதற்குப் பதில் அண்ணி தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். எங்காவது விட்டுப்போன ஓர் இணைப்பு இருந்தாலும் ஓடிபி வெளியாள் கைக்குப் போகாது.

பானை இப்போதைக்கு ஒப்படைக்கவில்லை. அண்ணன் வாழ்ந்த மாதங்களுக்கான வருமான வரிக் கணக்கை அண்ணி சட்டப்படியான வாரிசாகத் தளத்தில் பதிந்து தாக்கல் செய்ய வேண்டும்; திரும்ப வர வேண்டிய தொகையும் இருக்கிறது. அது வந்த பிறகு மதிப்பீட்டு அதிகாரிக்குக் கடிதம், சான்றிதழ் நகல், பான் கார்டு நகல். கடிதம் தயாராக இருக்கிறது, தேதி மட்டும் போடவில்லை.