98 சதவீதமா, 102 சதவீதமா? பணி உறுதிக் கடிதத்துக்குள் போகும் கணக்கு

புது சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவின் ஆறு மாத புரபேஷன் முடியும்போது கொடுக்கும் கன்ஃபர்மேஷன் லெட்டர் ஒரு பக்கம்தான் இருக்கும். அதில் நான்கைந்து வரியில் ரேட்டிங் வரும். அந்த வரிகளில் வரும் சண்டைகளுக்குப் பெரும்பாலும் மொழிநடை காரணமாக இருப்பதில்லை. எண் எப்படி வந்தது என்பதில்தான் சிக்கல்.

ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். மசாலாப் பொடி விற்கும் ஒரு நிறுவனம்; ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை புரபேஷன். சேரும்போதே கையெழுத்தான டார்கெட் தாளில் நான்கு இனங்கள்: விற்பனைக்கு 40 மதிப்பெண், வசூலுக்கு 25, புதுக் கடைகளுக்கு 20, போன கடைகளில் எத்தனை கடையில் பில் விழுந்தது என்பதற்கு 15. மொத்தம் 75 எடுத்தால் பணி உறுதி. ரேட்டிங் 5 வரை: 100-ம் அதற்கு மேலும் 5, 90 முதல் 4, 75 முதல் 3, 60 முதல் 2, அதற்குக் கீழே 1.

விற்பனை டார்கெட் மாதாமாதம் ஏறும்: 2, 3, 4, 5, 5, 6 லட்சம், ஆகமொத்தம் 25 லட்சம். ரிட்டர்ன் கழித்து அவர் விற்றது 2.5, 3.3, 4.1, 4.8, 4.6, 5.2 லட்சம், கூட்டினால் 24.5 லட்சம், அதாவது 98 சதவீதம். ஆனால் மாதாந்தர சதவீதங்களைப் போட்டு (125, 110, 102.5, 96, 92, 87) ஆறால் வகுத்தால் 102 வருகிறது. ஒரே விற்பனைக்கு இரண்டு விடை. முதல் மாத டார்கெட் வெறும் 2 லட்சம் என்பதால் அங்கே கூடுதலாக விற்ற 50,000 ரூபாய் 25 சதவீதமாக நிற்கிறது. செப்டம்பரில் குறைந்த 80,000 ரூபாயோ 13 சதவீதம்தான். டார்கெட் சமமாக இல்லாதபோது சதவீதங்களின் சராசரி எடுக்கக் கூடாது. மொத்த விற்பனையை மொத்த டார்கெட்டால் வகுக்க வேண்டும். எக்செல் ஷீட்டில் B-யில் டார்கெட், C-யில் விற்பனை, D-யில் சதவீதம் என்று வைத்து, கடைசி வரியில் `=AVERAGE(D2:D7)` என்று இருந்தால் அதை `=SUM(C2:C7)/SUM(B2:B7)` என்று மாற்றினால் போதும்.

அந்தச் சதவீத வரிசையை மட்டும் பார்க்கும் ஏரியா மேனேஜர் ‘நாளுக்கு நாள் சரிகிறார்’ என்று எழுதிவிடுவார். ரூபாயைப் பாருங்கள்: ஆகஸ்டைத் தவிர ஒவ்வொரு மாதமும் விற்பனை ஏறியிருக்கிறது. டார்கெட் அதைவிட வேகமாக ஏறியது, அவ்வளவுதான். இப்படி ஒரு வாக்கியம் கடிதத்தில் ஏறிவிட்டால் அந்தப் பையனின் கோப்பில் வருடக்கணக்கில் கிடக்கும். ஆகவே ரூபாயையும் சதவீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் குறிப்பு எழுத உட்காரக் கூடாது.

அடுத்தது, எதை விற்பனை என்று எண்ணுவது. பில் போட்டது 26.5 லட்சம், அதில் 2 லட்சம் திரும்பி வந்தது. மாதக் கடைசியில் கடைக்காரர் தலையில் சரக்கை ஏற்றினால் ரிட்டர்ன் அடுத்த மாதம்தான் வரும். டார்கெட் தாளில் ‘ரிட்டர்ன் போக’ என்று எழுதியிருந்ததால் இங்கே 98. அப்படி எழுதாமல் ‘விற்பனை’ என்று மட்டும் இருந்திருந்தால், ஆறு மாதம் கழித்துக் கழிக்கும் உரிமை நிறுவனத்துக்கு இல்லை என்பது என் உறுதியான கருத்து. 106 என்றே கொடுத்துவிட்டு, அடுத்த தாளில் திருத்திக்கொள்ள வேண்டும். ஆட்டம் முடிந்த பிறகு விதியை மாற்றினால், மற்ற எண்களையும் அவர் நம்ப மாட்டார்.

புதுக் கடைகள் இனத்தில்தான் விஷயம் இருக்கிறது. டார்கெட் 60, திறந்தது 72. மேலோட்டமாக 120 சதவீதம். ஆனால் தாளில் இருந்த வரையறை, இரண்டாவது ஆர்டர் கொடுத்த கடையே கணக்கு என்பது. அப்படிப் பார்த்தால் 48 கடை, 80 சதவீதம். மீதி 24 கடை எங்கே போனது? வசூல் வரியைப் பார்த்தால் தெரியும். 21 நாளுக்குள் வசூலாக வேண்டியது 90 சதவீதம், வந்தது 81. நிலுவைப் பட்டியலை கடைவாரியாக எடுத்தால், நிற்கும் பணத்தில் பெரும்பகுதி அந்த 24 கடையில்தான். எண்ணிக்கைக்காக முதல் பில்லையே கடனில் போட்டிருக்கிறார். சரக்கு நகரவில்லை, கடைக்காரர் பணமும் தரவில்லை, அடுத்த ஆர்டரும் தரவில்லை. கொஞ்சம் ரிட்டர்னாகவும் வந்தது. மூன்று இனத்திலும் விழுந்த குறைக்குக் காரணம் ஒரே பழக்கம்: முதல் பில்லுக்கே கடன். இதைக் கண்டுபிடித்துச் சொன்னால் அவர் ஒரு வாரத்தில் திருத்திக்கொள்வார். ‘வசூலில் கவனம் தேவை’ என்று எழுதினால் எதைத் திருத்துவது என்றே தெரியாது.

நான்காவது இனம்: 100 கடைக்கு 50-ல் பில் விழ வேண்டும், விழுந்தது 46, அதாவது 92 சதவீதம்.

இப்போது கூட்டலாம். விற்பனை 98-க்கு 39.2, வசூலில் 81 என்பது 90-ல் 90 சதவீதம், அதற்கு 22.5, கடைகள் 80-க்கு 16, பில் விழுந்தது 92-க்கு 13.8. மொத்தம் 91.5, ரேட்டிங் 4. ஒரு இனத்தில் 100-க்கு மேல் போனால் 100-லேயே நிறுத்துவதா என்பதையும் முதலிலேயே தாளில் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் விற்பனையை ஏற்றி வசூல் ஓட்டையை அடைப்பார்கள். வசூலுக்குத் தனியாக ஒரு குறைந்தபட்சம் வைப்பதும் இதற்காகத்தான்.

இவ்வளவும் கடிதத்தில் வர வேண்டியதில்லை. அதை அவர் வங்கிக் கடனுக்கும் காட்டுவார், அடுத்த வேலைக்கும் காட்டுவார். கடனில் திறந்த 24 கடை அங்கே எதற்கு? கடிதத்தில் முடிவும் ரேட்டிங்கும் போதும்:

“01.04.2025 முதல் 30.09.2025 வரையிலான தகுதிகாண் காலத்தில், ஒப்புக்கொண்ட இலக்குகளுக்கு எதிராகத் தங்கள் மதிப்பீடு: விற்பனை 4, வசூல் 4, புதுக் கடைகள் 3, பில் விழுந்த கடைகள் 4, மொத்தம் 100-க்கு 91.5, ரேட்டிங் 4. இதன்படி 01.10.2025 முதல் தங்கள் பணி உறுதி செய்யப்படுகிறது. விவரம் இணைப்பு 1-ல் உள்ளது.”

எண்களும் காரணமும் இணைப்பில் இருக்கட்டும். அதில் ஏரியா மேனேஜரும் அவரும் இருவருமே கையெழுத்திட வேண்டும். கடிதம் கைக்குப் போகுமுன் உட்கார்ந்து பேசி எண்களைச் சரிபார்த்துவிட்டால் தகராறு அங்கேயே தீர்ந்துவிடும்.

செப்டம்பர் கணக்கு முடிய அக்டோபர் முதல் வாரம் ஆகும். அதனால் கடிதத் தேதி வேறு, அமலாகும் தேதி வேறு. இரண்டையும் எழுத வேண்டும். நியமனக் கடிதத்தில் ‘எழுத்து மூலம் உறுதி செய்யும்வரை புரபேஷன் தொடரும்’ என்ற வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாத இடத்தில் தேதி தாண்டினால், தான் ஏற்கெனவே உறுதியாகிவிட்டதாக அவர் வாதிட இடம் இருக்கிறது. ஆகவே அங்கே ஆகஸ்ட் வரையிலான எண்களோடு, எந்தத் தேதி வரையிலான கணக்கு என்று குறிப்பிட்டு, 30-ம் தேதிக்குள் கொடுத்துவிடுவது நல்லது. அமலாகும் தேதியிலிருந்து நோட்டீஸ் காலம் 15 நாளிலிருந்து ஒரு மாதமாகிறதா, இன்சென்டிவ் எந்த மாத விற்பனையிலிருந்து தொடங்குகிறது என்ற இரண்டையும் ஒவ்வொரு வரியில் சேர்த்துவிடுங்கள். கடிதம் கைக்கு வந்ததும் அவர் முதலில் வந்து கேட்பது இன்சென்டிவைப் பற்றித்தான்.