56 அடுக்குகளும் ஒரு கூட்டல் குறியும்

2015இல் கைமிங் ஹெயும் அவருடைய மூன்று சகாக்களும் வெளியிட்ட ரெஸ்நெட் கட்டுரையில் ஒரு வரைபடம் உண்டு. 20 அடுக்குகள் கொண்ட சாதாரண நரம்பியல் வலையமைப்பைவிட 56 அடுக்குகள் கொண்டது மோசமாகக் கற்கிறது என்று அது காட்டுகிறது. அதை என் கணினியிலேயே நிகழ்த்திப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. சிஃபார்-10 தொகுப்பை எடுத்துக்கொண்டேன்: பத்து வகைப் பொருள்களின் 50,000 சிறிய பயிற்சிப் படங்கள்.

முதல் ஓட்டத்திலேயே அது நடந்தது. 56 அடுக்குகளின் கோடு கடைசிவரை 20 அடுக்குகளின் கோட்டுக்கு மேலேயே நின்றது. நான் பார்த்துக்கொண்டிருந்தது பயிற்சிப் பிழையை. சோதனைப் பிழையை அல்ல. பெரிய வலையமைப்பு படங்களை மனப்பாடம் செய்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்க முடியாது, அதற்கு மனப்பாடமே வரவில்லை. எடைகளை எப்படித் திருத்துவது என்று கடைசி அடுக்கிலிருந்து பின்னோக்கிச் சொல்லிவரும் கிரேடியன்ட் வழியிலேயே கரைந்துவிட்டதோ என்று முதல் அடுக்கில் அதன் அளவை அச்சிட்டுப் பார்த்தேன். அடுக்குகளின் எண்களைச் சீராக்கும் பேட்ச் நார்மலைசேஷன் இருந்ததால் அது கரையவில்லை.

இரண்டு நாள் இதே யோசனை. 56இல் 20 அடுக்குகள் சின்ன வலையமைப்பு செய்வதையே செய்து, மீதி 36 அடுக்குகள் வந்ததை வந்தபடியே கடத்தினால் போதும்; பிழை சமமாகிவிடும். அப்படி ஒரு தீர்வு இருக்கிறது, பயிற்சிதான் அதைச் சென்றடையவில்லை. கன்வல்யூஷன், நார்மலைசேஷன், ரெலு மூன்றும் சேர்ந்து ‘ஒன்றும் செய்யாமல் இருப்பதை’க் கற்பதற்கு எடைகள் மிகத் துல்லியமாக அமைய வேண்டும். மாறாக, எல்லா எடைகளையும் பூச்சியத்தை நோக்கித் தள்ளுவது எளிது. ஆகவே உள்ளீட்டை அப்படியே கடத்திவிட்டு, அதில் செய்ய வேண்டிய திருத்தத்தை மட்டும் அடுக்குகளிடம் கேட்டால், பூச்சியத் திருத்தமே ‘ஒன்றும் செய்யாமை’ ஆகிவிடுகிறது. அந்தத் திருத்தத்தை `f` என்று எழுதிப் பார்த்தால் இவ்வளவுதான்:

```python
def forward(self, x):
    return x + self.f(x)
```

இரண்டு கன்வல்யூஷன்களுக்கு ஒரு கூட்டல். 56 அடுக்குகளில் இப்படி 27 தொகுதிகள். தடங்களின் எண்ணிக்கை 16இலிருந்து 32க்கும், 32இலிருந்து 64க்கும் மாறும் இரண்டு இடங்களில் மட்டும் `x` நேராகப் பொருந்தாது. அங்கே ஒன்றுவிட்டு ஒரு புள்ளியை எடுத்து, குறையும் தடங்களைப் பூச்சியத்தால் நிரப்பினேன். இதற்குப் புதிய எடைகள் தேவையில்லை என்பதால், கூட்டல் உள்ள 56, கூட்டல் இல்லாத 56 இரண்டின் எடை எண்ணிக்கையும் ஒன்றே. அப்படியிருந்தும் கோடுகள் இடம் மாறின: 56 கீழே, 20 மேலே. அதைப் பார்த்தபோது வந்த மகிழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அடுத்த வாரம் ஒரு தவறு செய்தேன். கூட்டிக்கொண்டே போனால் எண்கள் பெருகுமே என்று பயந்து, சராசரி எடுத்தேன்: `0.5 * (x + self.f(x))`. பயிற்சி ஓடியது, எந்த எச்சரிக்கையும் வரவில்லை. ஆனால் பிழை முன்பு இறங்கிய அளவுக்கு இறங்கவே இல்லை. காரணம் ஒரு பெருக்கலில் இருந்தது. `x` நேராகக் கடந்துபோகும் குறுக்குவழி ஒவ்வொரு தொகுதியிலும் பாதியானால், 27 தொகுதிகளுக்குப் பின் 2இன் 27ஆம் அடுக்கில் ஒரு பங்கே மிஞ்சும். அதாவது 13 கோடியில் ஒன்று. திரும்பி வரும் கிரேடியன்டுக்கும் அந்த நேர்வழி அதே அளவுக்குச் சுருங்கிவிடும். பாதி குறைக்காத கூட்டலில், கடைசித் தொகுதியின் கிரேடியன்ட் குறுக்குவழியாக முதல் தொகுதிக்குச் சுருங்காமல் வந்து சேர்கிறது. இடையிலுள்ள அடுக்குகளின் பங்கு அதோடு கூடுகிறதே தவிர அதைப் பெருக்கிச் சிதைப்பதில்லை. 2016இல் அதே குழுவினர் 110 அடுக்குகளில் இதைச் சோதித்திருக்கிறார்கள்: இரண்டு பக்கமும் பாதியாக்கியபோது சோதனைப் பிழை 6.61 விழுக்காட்டிலிருந்து 12.35க்கு ஏறியது. குறுக்குவழியில் எதையும் வைக்காதீர்கள் என்பதே அந்தக் கட்டுரையின் சாரம். எண்கள் பெருகுவதைப் பற்றிய என் பயத்துக்கும் இடமில்லை. ஒவ்வொரு `f`உம் நார்மலைசேஷனில் தொடங்குவதால் அது தன் உள்ளீட்டைத் தானே சீராக்கிக்கொள்கிறது.

இதற்காக அடுக்குகளை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்றில்லை. 2015 கட்டுரையில் அவர்கள் 1202 அடுக்குகளையும் பயிற்றுவித்தார்கள். பயிற்சிப் பிழை 0.1 விழுக்காட்டுக்கும் கீழே போனது, சோதனைப் பிழையோ 7.93, 110 அடுக்குகளின் ஐந்து ஓட்டங்களில் சிறந்ததற்கு 6.43தான். குறுக்குவழி கற்கும் தடையை நீக்குகிறது. மனப்பாடம் செய்வதைத் தடுப்பது அதன் வேலை அல்ல.

நேற்று இரவு கடைசியாக ஒன்று செய்தேன். பயிற்சி முடிந்த வலையமைப்பிலிருந்து நடுவில் ஒரு தொகுதியை எடுத்துவிட்டு, மீண்டும் பயிற்றுவிக்காமல் சோதித்தேன். விடைகள் கொஞ்சமே கெட்டன. சாதாரண 56இல் அதே இடத்தில் இரண்டு அடுக்குகளை எடுத்ததும், அது பத்தில் ஒன்றைக் கண்ணை மூடித் தொடும் நிலைக்கு விழுந்தது. தடங்கள் மாறும் அந்த இரண்டு தொகுதிகளில் ஒன்றின் `f`ஐ அணைத்தபோது மட்டும் ரெஸ்நெட்டும் நன்றாகவே தடுமாறியது. அடுத்து அந்த இரண்டு இடங்களைத்தான் பிரித்துப் பார்க்கப் போகிறேன்.