ஊருணிக்கு மேல் ஒரு இரண்டாம் பிறை: இரவுப் படத்தில் நிலாவைச் சேர்த்த கதை

காரைக்குடிப் பக்கம் எங்கள் பெரியப்பா வீட்டுச் சாந்தி விழாவுக்கு அழைப்பிதழ் அடிக்க வேண்டியிருந்தது. அட்டையில் பூர்வீக வீட்டின் முகப்பு, மேலே நிலா. இதுதான் அண்ணன் கேட்டது. நான் படம் எடுத்த மார்ச் மாத மாலையில் வானத்தில் நிலா இல்லை. அடுத்த பிறை தெரியும்வரை அச்சகம் காத்திருக்காது. அதனால் கணினியில்தான் சேர்க்க வேண்டும் என்று ஆனது.

அண்ணன் முதலில் முழு நிலாவைத்தான் கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பத்தா படத்தைப் பார்த்ததும், "வெளக்கு வைக்கிற நேரம், வீட்டுக்குப் பின்னால மேக்கு. அங்க எங்கப்பா முழு நெலா வரும்?" என்றார். அந்தக் கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. வீடு கிழக்குப் பார்த்தது. முகப்பை எடுப்பவர் மேற்கு நோக்கித்தான் நிற்க முடியும். பௌர்ணமி நிலா மாலையில் கிழக்கே எழும். அது மேற்கே இருக்க வேண்டுமானால் விடியற்காலையாக இருக்க வேண்டும். அந்தி வெளிச்சம் மிச்சமிருக்கும் மேற்கு வானத்தில் தாழ்வாகத் தெரிவது வளர்பிறையின் முதல் சில நாள் பிறைதான்.

அடுத்தது அளவு. நிலா வானத்தில் ஏறத்தாழ அரை டிகிரி அகலம். கேமரா சென்சாரில் அதன் விட்டம், லென்ஸின் குவியநீளத்தை 110-ஆல் வகுத்தால் கிடைக்கும் அளவு. என் கேமரா முழுச்சட்ட சென்சார். 36 மில்லிமீட்டருக்கு 6,000 பிக்சல். வீட்டு வாசலுக்கு நேரே நின்று 24 மி.மீ. லென்ஸில் எடுத்தால் நிலா 36 பிக்சல்தான் வரும். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் படத்தின் அகலம் 4,000 பிக்சல். ஐந்து அங்குல அகல அட்டையில் நிலா ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். இந்த இடத்தில்தான் பலரும் நிலாவை ஐந்து மடங்கு இழுத்துப் பெரிதாக்குகிறார்கள். அகலக்கோண லென்ஸுக்கே உரிய விரிந்த தெருவும் பக்கத்துச் சுவரும் படத்தில் அப்படியே இருக்க, நிலா மட்டும் வேறு லென்ஸில் எடுத்ததுபோல் நிற்கும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது. ஆனால் ஒட்டவைத்தது என்று கண் சொல்லிவிடும்.

நிலாவைப் பெரிதாக்க நேர்மையான வழி, நாம் பின்னால் போவதுதான். வீட்டுக்கு எதிரே ஊருணி இருந்ததால் அக்கரைக்குப் போய், சுமார் 60 மீட்டர் தள்ளி, 85 மி.மீ. லென்ஸில் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்தேன். முகப்பின் நடுப்பகுதி சட்டத்தை நிறைத்தது. இப்போது நிலாவின் உரிமையுள்ள அளவு 129 பிக்சல். அட்டையில் நான்கு மில்லிமீட்டர். போதும்.

ஆனால் நீண்ட லென்ஸ் வானத்தைக் குறுக்கிவிடுகிறது. கேமராவைக் கொஞ்சம் நிமிர்த்தியும், அடிவானத்துக்கு மேல் 16 டிகிரி உயரம்தான் சட்டத்துக்குள் வந்தது. வீட்டின் கைப்பிடிச் சுவரே எட்டு டிகிரி. நிலாவுக்கு 13 டிகிரி பொருத்தமாகப் பட்டது. படம் எடுத்தது சூரியன் மறைந்து இருபத்தைந்து நிமிடம் கழித்து. நம் ஊரில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அப்போது அது ஏறத்தாழ 7 டிகிரி கீழே இருக்கும். ஆக சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையே 20 டிகிரி. நிலா ஒரு நாளைக்குச் சூரியனிடமிருந்து 12 டிகிரி விலகும் என்பதால், இது அமாவாசை கழிந்து ஒன்றரை நாள் தாண்டிய பிறை. ஒளிபட்ட பகுதி வட்டில் 3 சதவீதம் மட்டுமே. மூன்றாம் பிறையை வைத்திருந்தால் அதே நேரத்தில் அது சட்டத்துக்கு வெளியே, இன்னும் பத்து டிகிரிக்கு மேல் உயரத்தில் நின்றிருக்கும்.

பிறை எப்படிச் சாய்ந்திருக்க வேண்டும் என்பதில்தான் இணையத்தில் கிடைக்கும் படங்கள் நமக்கு உதவாது. நிமிர்ந்து நிற்கும் அடைப்புக்குறி போன்ற பிறை வடக்கே தொலைவில் உள்ள நாடுகளுக்கு உரியது. காரைக்குடி 10 டிகிரி வட அகலாங்கில் இருக்கிறது. மார்ச் அந்தியில் பிறை படகுபோல் படுத்திருக்கும், வலது முனை கொஞ்சம் தாழ்ந்து. ஒளிபட்ட விளிம்பு எப்போதும் சூரியன் மறைந்த இடத்தையே நோக்கும். ஸ்டெல்லேரியம் என்ற வானக்காட்சி மென்பொருளில் ஊரையும் தேதியையும் கொடுத்துப் பார்த்தால் இந்தச் சாய்வு அப்படியே கிடைக்கும். மாதத்துக்கு மாதம் அது மாறுவதும் தெரியும்.

பிறையை நான் வரைந்துவிட்டேன். பத்து மடங்கு பெரிதாக, 1,290 பிக்சல் விட்டத்தில் ஒரு வட்டம். அதன் வெளிவிளிம்பு அரைவட்டம். உள்விளிம்பு அரை நீள்வட்டம், அதன் குறுக்கு அரை அச்சு ஆரத்தின் 0.94 மடங்கு. அது 20 டிகிரியின் கொசைன். இரண்டு முனைகளும் வட்டத்தின் எதிரெதிர்ப் புள்ளிகளில் முடிய வேண்டும். வட்டத்திலிருந்து இன்னொரு வட்டத்தை வெட்டி எடுத்தால் முனைகள் கொக்கிபோல் உள்ளே வளைந்துவிடும். பொய்ப் பிறைக்கு அது முதல் அடையாளம். சிறிதாக்கியதும் பிறையின் நடுத்தடிப்பு நான்கு பிக்சலுக்கும் குறைவு.

பள்ளங்களும் மேடுகளும் வேண்டாமா என்று அண்ணன் கேட்டார். படத்தின் ஒளியளவு ஐஎஸ்ஓ 200, எஃப் 8, நான்கு விநாடி. மெல்லிய பிறையின் பரப்புத் தெரிய அதே அமைப்பில் விநாடியில் நாற்பதில் ஒரு பங்கு போதும். நூறு மடங்குக்கு மேல் அதிக ஒளி விழுந்திருக்கும் இடத்தில் பள்ளம் எதுவும் தெரியாது, வெறும் வெள்ளைதான் இருக்கும். நிழற்பகுதியில் மட்டும், பூமியின் ஒளி திருப்பி அடித்த மங்கலான வட்டு லேசாகத் தெரியலாம்.

இனி ஒளிர்வு. நிலாவுக்கும் நமக்கும் நடுவே காற்று இருக்கிறது. வானத்தின் நீலம் அந்தக் காற்றிலிருந்து வருவது. அதனால் நிலாவின் இருண்ட பாகம் சுற்றியுள்ள வானத்தைவிட ஒருபோதும் கருப்பாக இருக்காது. நிலா வானத்தின் மேல் ஒளியைக் கூட்டும், மறைக்காது. கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் `Image > Precision` போய் 32-பிட் மிதவைப்புள்ளி, `Linear light` இரண்டையும் தேர்ந்தேன். கருப்புப் பின்னணியில் வெள்ளைப் பிறை, அடுக்கின் முறை `Addition`. பிறகு `Colors > Exposure`-இல் ஐந்து ஸ்டாப் ஏற்றினேன். ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பாகும். பார்வைக்கு வெள்ளை மாறாது. ஆனால் உள்ளே இருக்கும் எண் 32 மடங்கு ஆகிவிடும். இந்த உபரி ஒளிதான் மங்கலாக்கும்போது ஒளிர்வாகப் பரவும்.

அந்த அடுக்கை மூன்று நகல் எடுத்து `Gaussian Blur` 4, 15, 80 பிக்சல் என்று கொடுத்து, ஒளிபுகாமையை முறையே 5, 2, 5 சதவீதத்துக்கு இறக்கினேன். ஒரே மங்கலாக்கம் போதாது. உண்மையான ஒளிர்வு நடுவில் செங்குத்தாகக் குறைந்து, பிறகு வெகுதூரம் மெலிந்து போகும். மங்கலாக்கும் முன் `Layer to Image Size` கொடுக்காவிட்டால் ஒளி அடுக்கின் ஓரத்தில் சதுரமாக வெட்டுப்படும். திரை வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தால் அந்தச் சதுரம் தெரியும். ஒளிர்வு பிறையிலிருந்தே புறப்பட வேண்டும், முழு வட்டிலிருந்து அல்ல. அடிப்பக்கம் அது அடர்ந்திருந்தால்தான் சரி.

எவ்வளவு ஒளிர்வு என்பதற்கு அளவுகோல் படத்துக்குள்ளேயே இருந்தது. முகப்பின் வாசல் விளக்கை அதே லென்ஸ்தான் பிடித்திருந்தது. அந்த விளக்கைச் சுற்றி ஒளி எங்கே அடங்குகிறதோ, அந்த வேகத்துக்கு நிலாவையும் இணங்க வைத்தேன். 13 டிகிரி உயரத்தில் காற்று தடிமன் என்பதால் பிறைக்குக் கொஞ்சம் மஞ்சள் ஏற்றினேன். முடிவில் படத்திலிருந்த அதே அளவு மணல்தன்மையை நிலா அடுக்குகளிலும் தூவினேன். இல்லையென்றால் அந்தப் பகுதி மட்டும் மழமழவென்று தெரியும், அச்சில் வளையம் வளையமாகவும் உடையும்.

ஊருணி நீரில் பிம்பம் வேண்டுமே என்று அப்பத்தாதான் நினைவூட்டினார். கணக்கிட்டேன். நிலா அடிவானக் கோட்டுக்கு மேல் 3,200 பிக்சல் உயரத்தில் இருந்தது. பிம்பம் அதே கோணம் கீழே விழ வேண்டும். கோட்டுக்குக் கீழே படத்தில் இருந்ததோ 2,000 பிக்சல். பிம்பம் சட்டத்துக்கு வெளியே. நீரில் எதையும் சேர்க்கவில்லை.

அச்சுக்கு அனுப்பும்போது, அட்டையின் அளவுக்குப் படத்தைச் சுருக்கி, வீட்டுக்கு வேண்டிய கூர்மையை ஏற்றிய பிறகே நிலா அடுக்குகளை இணைத்தேன். இணைத்துவிட்டுக் கூர்மையாக்கினால் பிறையைச் சுற்றிக் கருப்புக் கோடு விழும்.