ஸ்ட்ரைக்கரும் காயும்: ஒரு மோதல் கணக்கின் ஒரு வாரம்

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு

அக்கா மகள் இன்று காலையிலேயே நோட்டோடு வந்துவிட்டாள். பதினொன்றாம் வகுப்பு இயற்பியல், மோதல் பாடம். "மாமா, விடை வரவே மாட்டேங்குது. ஆனா எங்க தப்புன்னும் தெரியல" என்றாள்.

கணக்கு இதுதான். 4 கிலோ பந்து 5 மீ/வி வேகத்தில் வலப்பக்கம் போகிறது. எதிரே 2 கிலோ பந்து 4 மீ/வி வேகத்தில் இடப்பக்கம் வருகிறது. நேருக்கு நேர் மோதல். மீட்சியளிப்புக் குணகம் e = 0.5. மோதிய பிறகு இரண்டின் வேகமும் என்ன?

தெரியாதவை இரண்டு, ஆகவே சமன்பாடும் இரண்டு வேண்டும். முதலாவது உந்த மாறாமை. அதைச் சரியாகவே எழுதியிருந்தாள்: 4×5 − 2×4 = 12, எனவே 4v1 + 2v2 = 12. சுருக்கினால் 2v1 + v2 = 6.

இரண்டாவது சமன்பாட்டில்தான் சிக்கல். குணகம் என்பது, மோதிய பின் இரண்டும் விலகும் வேகத்தை, மோதும் முன் நெருங்கிய வேகத்தால் வகுத்தால் வருவது. அவள் நெருங்கும் வேகத்தை 5 − 4 = 1 என்று போட்டிருந்தாள். அதனால் v2 − v1 = 0.5 ஆகி, விடை 1.83, 2.33 என்று வந்திருக்கிறது.

எதிரெதிரே வரும் இரண்டு பஸ்களை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். இடைவெளி எந்த வேகத்தில் குறையும்? "ரெண்டையும் கூட்டணும்" என்று உடனே சொன்னாள். சரி, அதையேதான் குறியோடு எழுத வேண்டும்: 5 − (−4) = 9. ஆகவே v2 − v1 = 0.5×9 = 4.5. இதை முதல் சமன்பாட்டிலிருந்து கழித்தால் 3v1 = 1.5. எனவே v1 = 0.5, v2 = 5. இரண்டுமே வலப்பக்கம். பெரிய பந்து கிட்டத்தட்ட நின்றேவிடுகிறது, சின்னது வந்த வழியே திரும்பி ஓடுகிறது.

அவள் போன பிறகும் ஒன்று மனதில் நின்றது. அவளுடைய தப்பான விடையில் உந்தம் சரியாக 12தான் வருகிறது. ஆற்றலும் கூடவில்லை, குறைந்துதான் இருக்கிறது. அப்படியானால் தப்பு என்று அவளுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

ஆகஸ்ட் 4, திங்கள்

இரவு சாப்பிட்டுவிட்டு அதே கணக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த முறை வேண்டுமென்றே வேறொரு தப்பைச் செய்து பார்த்தேன். நிறையப் பேர் செய்வது அது: விலகும் வேகத்தை v2 − v1 என்று எழுதுவதற்குப் பதில் v1 − v2 = 4.5 என்று எழுதுவது. உந்தச் சமன்பாட்டோடு சேர்த்துத் தீர்த்தால் v1 = 3.5, v2 = −1.

உந்தம்: 4×3.5 − 2×1 = 12. சரி.

ஆற்றல்: மோதும் முன் 50 + 16 = 66 ஜூல். சரியான விடையில் மோதிய பின் 0.5 + 25 = 25.5 ஜூல். தப்பான விடையில் 24.5 + 1 = 25.5 ஜூல். இம்மியும் மாறவில்லை!

கொஞ்ச நேரம் அந்த இரண்டு 25.5ஐயும் பார்த்துக்கொண்டே இருந்தேன். காரணம் தேடினால் கிடைக்கிறது. மோதலில் தொலையும் ஆற்றலுக்கு ஒரு சூத்திரம் உண்டு:

½ × m1m2/(m1+m2) × (1 − e²) × (நெருங்கும் வேகம்)²

இங்கே ½ × 8/6 × 0.75 × 81 = 40.5. அதுதான் 66 − 25.5. சூத்திரத்தில் இருப்பது e அல்ல, e². அதனால் +0.5 போட்டாலும் −0.5 போட்டாலும் ஆற்றலுக்கு ஒன்றுதான். ஆனால் v1 = 3.5, v2 = −1 என்றால் என்ன அர்த்தம்? இடப்பக்கம் இருந்த பந்து இன்னும் வலப்பக்கமே போகிறது, வலப்பக்கம் இருந்தது இன்னும் இடப்பக்கமே போகிறது. ஒன்றுக்குள் ஒன்று புகுந்து மறுபக்கம் வந்துவிட்டன. உந்தமும் ஆற்றலும் இதைப் பிடித்துக் கொடுக்காது. வலப்பக்கப் பந்தின் திசைவேகம் இடப்பக்கப் பந்தின் திசைவேகத்தைவிடக் குறையக் கூடாது என்ற ஒற்றைச் சரிபார்ப்புதான் பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் போட்ட விடையோ இந்தச் சரிபார்ப்பிலும் தப்பிவிடும். 2.33, 1.83ஐவிடப் பெரியதுதானே. அதற்கு வேறு வழி வேண்டும்.

ஆகஸ்ட் 6, புதன்

வழி கிடைத்தது. நிறை மையத்தோடு கூடவே நாமும் நகர்வதாக வைத்துக்கொள்வது. மொத்த உந்தம் 12, மொத்த நிறை 6, ஆகவே நிறை மையத்தின் வேகம் 2. மோதலால் இது மாறாது. அங்கிருந்து பார்த்தால் பெரிய பந்து 5 − 2 = 3 வேகத்திலும், சின்னது −4 − 2 = −6 வேகத்திலும் வருகின்றன. மோதல் செய்வது ஒன்றே ஒன்றுதான்: இரண்டையும் திருப்பிவிட்டு, வேகத்தை e மடங்காக்குகிறது. 3 என்பது −1.5 ஆகிறது, −6 என்பது +3 ஆகிறது. அப்புறம் 2ஐத் திரும்பக் கூட்டினால் 0.5, 5.

சமன்பாடு தீர்க்கவே வேண்டியதில்லை. சாயங்காலம் அவளுக்குப் போனில் சொன்னேன். தன்னுடைய பழைய விடையில் 2ஐக் கழித்துப் பார்த்தாள்: −0.17, +0.33. "3, 0.17 ஆயிருக்கு. பாதி 1.5தானே வரணும்? இது ஒட்டிக்கிட்டுப் போற மாதிரில்ல இருக்கு மாமா" என்றாள். அதேதான். அந்த விடைக்கு உண்மையான e 0.5/9, அதாவது சுமார் 0.06. ஈரக் களிமண் உருண்டை மாதிரி. அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தால் தொலைவது 54 ஜூல், அவள் விடையில் தொலைந்தது கிட்டத்தட்ட 53.8.

போனை வைக்கும் முன் கேட்டாள்: "இந்த 0.5ஐ எல்லாம் யாரு அளந்து பாத்தாங்க?"

நியூட்டனே அளந்திருக்கிறார். 1687இல் வந்த பிரின்சிபியாவில், விதிகளைச் சொல்லி முடித்தவுடன் வரும் விளக்கத்தில் இது இருக்கிறது. நூலில் தொங்கவிட்ட உருண்டைகளை மோதவிட்டு, ஊசல் எவ்வளவு உயரம் போகிறது என்பதிலிருந்து வேகத்தைக் கணக்கிட்டார். காற்றின் தடையால் குறைவதையும் கழித்துக்கொண்டார். இறுக்கிச் சுற்றிய கம்பளி உருண்டைகளுக்கு 5/9, கண்ணாடிக்குக் கிட்டத்தட்ட 15/16 என்று எழுதி வைத்திருக்கிறார். அதனால்தான் e சமன்பாட்டுக்கு நியூட்டனின் சோதனை விதி என்றே பெயர். உந்த மாறாமை போல எங்கும் பொருந்தும் விதி அல்ல இது, அளந்து கண்டது. வேகம் கூடிப் பொருளில் நிரந்தரமாகக் குழி விழ ஆரம்பித்தால் e குறையும்.

நாமும் அளந்து பார்க்கலாமா என்றாள். வீட்டில் கேரம் போர்டு இருக்கிறதே.

ஆகஸ்ட் 9, சனி

ஸ்ட்ரைக்கரை எடை போட்டோம்: 15 கிராம். காய் 5 கிராம். சரியாக மூன்று மடங்கு, கணக்குக்கு வசதி.

வேகத்தை அளக்கக் கருவி எதுவும் எங்களிடம் இல்லை. ஆனால் தேவையும் இல்லை. மோதிய பின் இரண்டும் போர்டில் தேய்த்துக்கொண்டே போய் நிற்கின்றன. உராய்வு மட்டும் நிறுத்தினால், போன தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். "ஸ்ட்ரைக்கர் கனமாச்சே, சீக்கிரம் நின்னுடாதா?" என்று கேட்டாள். கனம் கூடினால் உராய்வு விசையும் அதே அளவு கூடுகிறது, நிறுத்த வேண்டிய நிறையும் கூடுகிறது. நிறை அடிபட்டுப் போய்விடும்.

ஆகவே தூரங்களின் விகிதத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால் வேகங்களின் விகிதம் r கிடைக்கும். காய் முதலில் சும்மா இருப்பதால், இரண்டு சமன்பாட்டையும் தீர்த்தால் r = 3(1+e)/(3−e). திருப்பி எழுதினால்:

e = 3(r−1)/(3+r)

e அதிகபட்சம் 1. அப்போது r = 3, தூர விகிதம் 9. காய் ஸ்ட்ரைக்கரைப் போல் ஒன்பது மடங்குக்கு மேல் போகவே முடியாது.

முதல் ஷாட்: ஸ்ட்ரைக்கர் 5 செ.மீ., காய் 61 செ.மீ. பன்னிரண்டு மடங்கு! e 1.15 என்று வருகிறது. மோதல் ஆற்றலை உண்டாக்கிவிட்டது என்று அர்த்தம், நடக்காத காரியம். குனிந்து பார்த்தால் காரணம் தெரிந்தது. போன வாரம் ஆடிய பவுடர் போர்டில் திட்டுத்திட்டாக இருக்கிறது. காய் போன பாதையில் வெள்ளைக் கோடு, ஸ்ட்ரைக்கர் நின்ற இடம் வெறும் பலகை. இரண்டுக்கும் உராய்வு ஒன்றல்ல.

ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டோம். அப்புறம் போர்டின் ஒரு பக்கத்தை மெதுவாகத் தூக்கி, லேசாகத் தட்டினால் இரண்டும் எந்தச் சாய்வில் வழுக்கிக்கொண்டே போகின்றன என்று பார்த்தோம். கிட்டத்தட்ட ஒரே உயரம். இப்போது நம்பலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டியிருந்தது. காயை ஸ்ட்ரைக்கருக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்தால் மோதும்போது விரல் இன்னும் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு சாண் தள்ளி வைத்தோம். நேர்கோட்டிலிருந்து விலகிய ஷாட்டுகளை எல்லாம் விட்டுவிட்டோம், பத்தில் மூன்றுதான் தேறின.

8 செ.மீ., 46 செ.மீ.: e = 0.78
6.5 செ.மீ., 37 செ.மீ.: e = 0.77
7 செ.மீ., 43 செ.மீ.: e = 0.81

சராசரி 0.79. மூன்றும் இவ்வளவு பக்கத்தில் வரும் என்று நான் நினைக்கவில்லை. அவள் ஸ்கேலை வைத்துக்கொண்டு மூன்றாவதை இரண்டு தடவை அளந்தாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று காயால் காயை அடித்தோம். எடை ஒன்றே என்பதால் சூத்திரம் எளிது: e = (r−1)/(r+1). நேற்றைய 0.79ஐயே வைத்து முன்கூட்டியே கணக்குப் போட்டாள்: தூர விகிதம் 73 வர வேண்டும். அதாவது அடித்த காய் ஏறத்தாழ நின்றே போக வேண்டும்.

நன்றாக நேரே பட்ட ஒரு ஷாட்டில் அடித்த காய் 1 செ.மீ. நகர்ந்து நின்றது, அடிபட்டது 42 செ.மீ. போயிற்று. விகிதம் 42. e = 0.73.

"அப்ப நேத்து போட்டது தப்பா?" தப்பில்லை. நேற்று மோதியது ஸ்ட்ரைக்கரும் மரக்காயும், இன்று மரக்காயும் மரக்காயும். e ஒரு பொருளுக்குச் சொந்தமானதல்ல, மோதும் ஜோடிக்குச் சொந்தமானது. ஆனால் 0.73ஐ எவ்வளவு நம்பலாம் என்று அவளையே பார்க்கச் சொன்னேன். அந்த 1 செ.மீ.யில் 2 மி.மீ. பிசகியிருந்தால்? 0.8 செ.மீ. என்றால் e 0.76, 1.2 என்றால் 0.71. விகிதம் 52க்கும் 35க்கும் இடையில் ஆடினாலும் e அவ்வளவாக ஆடவில்லை. நேற்றைய மூன்றும் 0.77க்குக் கீழே போகவில்லை. வித்தியாசம் இருக்கிறது போலத்தான் தெரிகிறது, ஆனால் ஒரே ஒரு ஷாட்.

நோட்டில் 0.73 என்று பென்சிலால் எழுதி, பக்கத்தில் "இன்னும் 5 ஷாட்" என்று குறித்துக்கொண்டு, மறுபடியும் காயை நடுக்கோட்டில் வைத்தாள்.