இடது பக்கம்

ஜூலை 2
வெள்ளவத்தையில் ஸ்கான். வலது சூலகத்தில் 11 சென்றிமீற்றர் கட்டி, இடதில் 2. வலதில் கொழுப்பும் மயிரும், இடையில் கெட்டியான பகுதிகளும் தெரியுதாம். அம்மா "மயிரோ?" என்று மூன்று தரம் கேட்டா.

ஜூலை 4
இரத்தத்தில் கட்டியைக் காட்டிக்கொடுக்கிற ஏஎஃப்பி 64. 10க்குக் கீழே இருக்கவேணும். அதே மாதிரிப் பார்க்கிற எச்சிஜி, எல்டிஎச் இரண்டும் சரி. வெறும் டெர்மொயிட், அதாவது மயிரும் கொழுப்பும் உள்ள புற்றில்லாத கட்டி என்றால் ஏஎஃப்பி இப்படி ஏறாதாம். முட்டையாக வேண்டிய கலத்திலிருந்து வளருவதால்தான் உள்ளே மயிரும் பல்லும். அந்த இழையம் முற்றாமல், கருவில் இருக்கிற மாதிரியே நின்றுவிட்டால் அது புற்றுநோய். டொக்டர் சிங்களத்தில் சொன்னார், நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அந்தச் சொல்லை மட்டும் விழுங்கிவிட்டேன்.

ஜூலை 5
மாமி போனில்: "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ, நாளைக்குக் கலியாணம் பேசவேணும்."

ஜூலை 9
இடது. இடதும் போனால்?

டொக்டர் தாளில் கீறிக் காட்டினார். வலது சூலகத்தையும் அதன் குழாயையும் உடையாமல் முழுசாக எடுப்பார்கள். உள்ளே உடைந்தால் நோயின் நிலை ஏறிவிடும், அதனால் துளை போட்டு அல்ல, வயிற்றைத் திறந்துதான். கருப்பை அப்படியே இருக்கும். இடதில் கட்டியை மட்டும் உரிப்பார்கள். இந்த நோய் உள்ளவர்களுக்கு மற்றப் பக்கத்தில் சாதாரண டெர்மொயிட் இருப்பதுண்டு, அதைப் பரவல் என்று எண்ணி சூலகத்தையே எடுத்துவிடுவதுதான் பிழையாம்.

ஜூலை 11
ஒப்புதல் படிவத்தில் யாரோ "இரு சூலகங்களும்" என்று எழுதியிருந்தார்கள். திருத்தும்வரை கையெழுத்துப் போடவில்லை. இரண்டு மணித்தியாலம். நர்சுக்குக் கோபம். இருக்கட்டும்.

ஜூலை 13
கண் முழித்ததும் கேட்டது: இடது? இருக்கு.

ஜூலை 15
இடது கட்டி ரம்புட்டான் சுளை தோலிலிருந்து கழருகிற மாதிரி வந்ததாம். மாமி ஒரு பை ரம்புட்டானோடு வந்தா. பார்க்கவே முடியவில்லை.

ஜூலை 20
இன்னும் ரிப்போர்ட் இல்லை. கட்டியின் ஒவ்வொரு சென்றிமீற்றருக்கும் ஒரு துண்டாவது வெட்டிப் பார்க்கவேணுமாம், 11 துண்டு. வேறு கெட்ட வகை ஒரு மூலையில் ஒளிந்திருந்தால் கீமோ கட்டாயம். 11 போதுமா? 64 எங்கிருந்து வந்தது?

ஜூலை 24
முதிராத டெரட்டோமா, டொக்டர் சொன்ன அந்த முற்றாத வகைதான். தரம் 1, நிலை 1ஏ. வயிறு கழுவிய நீரில் ஒன்றுமில்லை. இடது, சாதாரண டெர்மொயிட். கீமோ வேண்டாம், கண்காணித்தால் போதும்.

அம்மா பம்பலப்பிட்டிக் கோயிலுக்குப் போய்விட்டா. நான் தூங்கினேன்.

ஜூலை 25
ஏஎஃப்பி 17. ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருக்கால் பாதியாகவேணும். ஒப்பரேஷன் 12இல். 64, 32, 16. பதின்மூன்று நாளில் 17 சரிதான், ஆனால் மெதுவான பக்கம். இறங்காமல் நின்றாலோ ஏறினாலோ எங்கேயோ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். கல்குலேட்டரை அம்மா பறித்து வைத்துவிட்டா.

ஓகஸ்ட் 3
மாதவிடாய் வந்தது. இடது.

ஓகஸ்ட் 4
இரத்தம் கொடுத்தாச்சு. 6க்குப் பக்கத்தில் வரவேணும். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு ரிப்போர்ட் எடுக்கலாம் என்றார்கள்.